அறுபதாம் கல்யாண ஆல்பம்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போட்டோ புத்தகம் பரிசளிக்கலாமென்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் கேட்பார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. வழக்கம்போல அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; நீளவாக்கில் சுமார் 1,600 பிக்சல்தான் மிஞ்சும். துல்லியமான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஐந்தங்குலம் சொச்சம். அதையே 12 அங்குலப் பக்கம் முழுக்க விரித்தால், போனில் பளிச்சென்று தெரிந்த அத்தையின் முகம் தாளில் மங்கிப்போகும். அதனால் படங்களை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். சுருங்கி வந்தவற்றைச் சிறிதாகவே வையுங்கள்.

அச்சிடுபவரிடம் விலைக்கு முன் பைண்டிங்கைக் கேளுங்கள்: புத்தகம் தட்டையாக விரியுமா? விரியாதென்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் குரூப் போட்டோ போடாதீர்கள். நடுவில் நிற்கும் அறுபது வயது மாப்பிள்ளையை மடிப்பு விழுங்கிவிடும்.