பக்கவாட்டுப் பாய்வுச் சோதனைப் பட்டை

பக்கவாட்டுப் பாய்வுச் சோதனைப் பட்டை என்பது, ஒரு துளி நீர்ம மாதிரியில் குறிப்பிட்ட புரதம் உள்ளதா என்பதைக் கோடுகளாகக் காட்டும் கருவி ஆகும். கருத்தரிப்பு, மலேரியா, டெங்கு, கோவிட்-19 ஆகியவற்றைக் கண்டறிய இது பயன்படுகிறது. இந்தியாவில் கோவிட்-19 கண்டறிய 2020 சூனில் ஐசிஎம்ஆர் பரிந்துரைத்த 'ஸ்டாண்டர்டு க்யூ' ஆன்டிஜென் அட்டை இவ்வகையைச் சேர்ந்தது.

அமைப்பு

நெகிழி உறைக்குள் நான்கு பகுதிகள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படிந்தவாறு ஒட்டப்பட்டிருக்கும். முதலாவது, மாதிரித் துளிகளை உறிஞ்சும் திண்டு. இரண்டாவது, நிறத்துகள் பிணைத்த எதிர்ப்பொருள்களை உலர்நிலையில் தாங்கும் திண்டு. மூன்றாவது, நைட்ரோசெல்லுலோசுச் சவ்வு. இறுதியிலுள்ள உறிஞ்சு திண்டு நீர்மத்தைத் தொடர்ந்து தன்பக்கம் இழுக்கும்.

கோடுகள் உருவாதல்

மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைக் கரைசலில் கலந்து மூன்று துளிகள் இட வேண்டும். கரைசல் நுண்புழைக் கவர்ச்சியால் நகரும்போது நிறத்துகள்களையும் உடன் கொண்டுசெல்லும். மாதிரியில் வைரசுப் புரதம் இருந்தால், அதை நிறத்துகளின் எதிர்ப்பொருள் ஒருபுறமும், சவ்வின் 'டி' கோட்டில் பதிக்கப்பட்ட எதிர்ப்பொருள் மறுபுறமும் பற்றிக்கொள்ளும். அவ்விடத்தில் துகள்கள் குவிவதால் கோடு தெரிகிறது.

'சி' எனும் கட்டுப்பாட்டுக் கோட்டில் நடப்பது வேறு. இந்த அட்டையில் கோழியின் எதிர்ப்பொருள் பிணைத்த தனி நிறத்துகள்களும் உள்ளன. 'சி' கோடு அவற்றை மட்டுமே பிடிக்கும். வைரசுடன் அதற்குத் தொடர்பில்லை.

முடிவை அறிதல்

15 முதல் 30 நிமிடங்களுக்குள் முடிவைப் பார்க்க வேண்டும். இரு கோடுகளும் தெரிந்தால் தொற்று உண்டு. 'டி' கோடு மங்கலாக இருந்தாலும் அவ்வாறே கொள்ள வேண்டும். 'சி' மட்டும் தெரிந்தால் புரதம் கண்டறியப்படவில்லை. 'சி' தோன்றாவிட்டால், 'டி' தெரிந்தாலும் சோதனை செல்லாது. புதிய அட்டையில் மீண்டும் செய்ய வேண்டும். 30 நிமிடங்களுக்குப் பின் பார்த்தால் தவறான முடிவு கிடைக்கலாம்.

கட்டுப்பாட்டுக் கோட்டின் எல்லை

'சி' கோடு, நீர்மம் சவ்வைக் கடந்தது என்பதற்கு மட்டுமே சான்று. குச்சி மூக்கினுள் போதிய ஆழம் செல்லாவிட்டாலும், வெறும் கரைசலையே இட்டாலும் அது தோன்றும். சேமிப்பு வெப்பநிலை 2 முதல் 30 பாகை செல்சியசு ஆகும். புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் கோடைப்பகலில் அறை வெப்பம் இதைத் தாண்டும். வெப்பத்தால் வைரசைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கெட்டும் கோழி எதிர்ப்பொருள் கெடாமலும் இருந்தால், 'சி' வழக்கம்போல் தெரியும். 'டி' மட்டும் தோன்றாது.

ஐசிஎம்ஆர் மதிப்பீட்டில் இந்த அட்டையின் உணர்திறன் 50.6% முதல் 84% வரை இருந்தது. அதாவது, தொற்றுள்ள 100 பேரில் ஏறத்தாழ 16 முதல் 49 பேருக்கு 'சி' கோடு மட்டுமே தெரியக்கூடும். தொற்றில்லாதவர்களை இது 99.3% முதல் 100% வரை சரியாகக் காட்டியது. எனவே, இரு கோடுகள் தெரிந்தவருக்கு மறுசோதனை தேவையில்லை என்றும், அறிகுறி இருந்தும் 'டி' கோடு தோன்றாதவருக்கு ஆர்டி-பிசிஆர் சோதனை செய்ய வேண்டும் என்றும் ஐசிஎம்ஆர் அறிவுறுத்தியது.