தரகுப் பணம் பெறும் விமர்சனங்கள்: அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும்?

கிதார் வாசிக்கக் கற்றுத்தரும் டிவிடிகளை இணையத்தில் விற்றுவந்த லெகஸி லேர்னிங் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2,50,000 டாலர்கள் செலுத்த ஒப்புக்கொண்டது. அதன் டிவிடிகள் தரமற்றவை என்பது குற்றச்சாட்டு அல்ல. அவற்றைப் புகழ்ந்து விமர்சனம் எழுதியவர்கள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலவோ, நடுநிலையான விமர்சகர்களைப் போலவோ தோன்றினார்கள். ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் அவர்களுக்குத் தரகுப் பணம் கிடைத்துவந்தது. இது வாசகர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதே ஆணையத்தின் குற்றச்சாட்டு.

இத்தகைய விமர்சனங்களில் தரப்படும் இணைப்பில் விமர்சகரின் அடையாளக் குறியீடு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். வாசகர் அதைச் சொடுக்கிப் பொருளை வாங்கினால், விலையில் ஒரு பகுதியைக் கடைக்காரர் விமர்சகருக்குக் கொடுக்கிறார். வழக்கமாக வாங்குபவருக்கு விலை கூடுவதில்லை. ஆகவே அவருக்கு இது தெரியவருவதற்கு வேறு வழியும் இல்லை.

சொற்களில் தெளிவு

விமர்சகருக்கும் விற்பனையாளருக்கும் உள்ள பணத் தொடர்பு, வாசகரின் கண்ணில் தெளிவாகப் படும்படி அறிவிக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 1980ஆம் ஆண்டு வெளியான இந்நெறிகள் 2009ஆம் ஆண்டும், பின்னர் 2023ஆம் ஆண்டும் திருத்தப்பட்டன.

'அஃபிலியேட் லிங்க்' என்ற சொல்லை மட்டும் போட்டுவிடுவது போதாமல் போகலாம் என்பது ஆணையத்தின் கருத்து. தொழிலில் உள்ளவர்களுக்குப் பழகிய அச்சொல், பொருள் வாங்க வருபவருக்குப் பணத்தைப் பற்றி எதையும் உணர்த்தாது. 'இங்குள்ள இணைப்புகள் வழியாக நீங்கள் வாங்கினால் எமக்குத் தரகுப் பணம் கிடைக்கும்' என்ற எளிய வாக்கியம் அதை உணர்த்திவிடுகிறது. இதில் 'கிடைக்கும்' என்பதற்குப் பதிலாகக் 'கிடைக்கலாம்' என்று எழுதுவது, உறுதியான ஒன்றைச் சந்தேகத்துக்குரியதாக மாற்றிவிடும்.

இடமும் முக்கியமானது. வாசகர் இணைப்பைச் சொடுக்கிய பிறகு வரும் அறிவிப்பால் பயனில்லை. பக்கத்தின் அடியிலோ, 'எம்மைப் பற்றி' என்ற தனிப் பக்கத்திலோ இருக்கும் அறிவிப்பைப் பலர் பார்க்கவே மாட்டார்கள். எனவே அது பரிந்துரைக்கு அருகிலேயே, இணைப்புக்கு முன்னதாக இருக்க வேண்டும். காணொளி என்றால், கீழுள்ள விளக்கக் குறிப்பில் எழுதுவதோடு நில்லாமல் காணொளியிலேயே அதைச் சொல்ல வேண்டும்.

பரிந்துரை எந்த மொழியில் உள்ளதோ, அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு ஆணையம் வெளியிட்ட கையேடு சொல்கிறது. புலம்பெயர் நாடுகளில் தமிழில் பொருட்களை விமர்சிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. இருபது நிமிடங்கள் தமிழில் பேசிவிட்டு, கடை அனுப்பிய ஆங்கில வாக்கியத்தை அடியில் ஒட்டிவைத்தால், தமிழ் மட்டுமே அறிந்த பெற்றோருக்கு அறிவிப்பே செய்யப்படவில்லை என்றுதான் பொருள்.

அறிவிப்பின் எல்லை

ஆனால் அறிவிப்பு, பணத் தொடர்பை வெளிப்படுத்துமே தவிர விமர்சனத்தை நேர்மையாக்கிவிடாது. உதாரணமாக, 200 டாலர் மிக்ஸி ஒன்றுக்கு 4 சதவீதத் தரகும், 100 டாலர் மிக்ஸி ஒன்றுக்கு 10 சதவீதத் தரகும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் 8 டாலர்களும், இரண்டாவதில் 10 டாலர்களும் வரும். இரண்டையும் பரிந்துரைப்பவர் ஒரே அறிவிப்பையே வெளியிடுவார். எதை முதலிடத்தில் வைப்பது என்று முடிவு செய்யும்போது அந்த இரண்டு டாலர் வித்தியாசம் அவர் மனதில் இருந்ததா என்பதை அந்த அறிவிப்பு சொல்லாது.

இதற்கு ஒரு தீர்வு, தீர்ப்பளிப்பவரையும் பணத்தையும் பிரித்துவைப்பது. 2016ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் வாங்கிய வயர்கட்டர் விமர்சனத் தளம், எந்த நிறுவனத்துடன் தரகு ஏற்பாடு உள்ளது என்பதைப் பொருட்களைத் தேர்வு செய்து முடிக்கும்வரை எழுத்தாளர்களுக்குத் தெரிவிப்பதில்லை என்று கூறுகிறது. தனியாளாக விமர்சிப்பவரால் இவ்வாறு பிரிக்க இயலாது. அவர் செய்யக்கூடியது, தரகு விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே வரிசையை முடிவு செய்து எழுதிவைப்பதும், தரகு தராத பொருளையும் அதே வரிசையில் சேர்ப்பதும்தான். பயன்படுத்திப் பார்க்காத பொருளை, பயன்படுத்தியது போல எழுதுவதற்கோ எந்த அறிவிப்பும் ஈடாகாது.

நாஷ்வில் நகரைச் சேர்ந்த அந்த கிதார் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் இன்னொன்றும் இருந்தது. அதிக வருவாய் ஈட்டித்தரும் 50 தரகு விமர்சகர்கள் முறையாக அறிவிப்பு வெளியிடுகிறார்களா என்பதை அந்நிறுவனமே மாதந்தோறும் கண்காணித்து அறிக்கை தர வேண்டும் என்பதே அது. எழுதியவர் மட்டுமின்றி, எழுதியதற்குப் பணம் கொடுத்தவரும் அதன் உண்மைக்குப் பொறுப்பு என்பதை அந்த நிபந்தனை உணர்த்தியது.