விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா?

கண்டி நகரிலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை முதலிய சுற்றுப்புறங்களிலும் உள்ள சிறிய அச்சகங்களுக்குள் நுழைந்தால், எட்டுப் பத்து ஆண்டுகளாக உழைத்துக் களைத்த கணினி ஒன்றைக் காண்பது அபூர்வமன்று. "இன்னும் ஓராண்டு பொறுத்தால் இதே பணத்துக்கு இதைவிட நல்லது கிடைக்குமே" என்பதே அதை மாற்றாதிருப்பதற்கு உரிமையாளர் பலரும் சொல்லும் காரணம். இந்த யோசனையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சில்லில் அடங்கும் நுண்கருவிகளின் தொகை இரண்டாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று கோர்டன் மூர் 1975இல் கணித்தது, பல காலம் பிரத்தியட்சமாகவே நிகழ்ந்து வந்தது.

1999இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்து வானியலாளர் சிலர் இதே விஷயத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கணினியின் வேகம் பதினெட்டு மாதங்களில் இரட்டிப்பாகுமானால், இன்றைய கணினியில் நாற்பது மாதம் ஓடவேண்டிய ஒரு கணக்கீட்டைப் பதினெட்டு மாதம் தொடாமல் வைத்திருந்து, பிறகு புதுக் கணினியில் தொடங்கினால் இருபது மாதத்தில் முடியும். ஆக மொத்தம் முப்பத்தெட்டு மாதம். காத்திருந்தவனே முந்துகிறான். ஆனால் இன்றைய கணினியில் இருபத்தாறு மாதத்துக்குள் முடியக்கூடிய வேலைக்குக் காத்திருப்பதால் பிரயோஜனம் சிறிதும் இல்லை என்பதும் அதே கணக்கின் முடிவு. அச்சகத்து வேலையோ மாதக் கணக்கில் ஓடும் ஒற்றை வேலையன்று. திருமண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அன்றன்றைக்கு வந்து அன்றன்றைக்கே முடிய வேண்டியவை. ஆகையால் இங்கே கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஒரு மாதம் பொறுப்பதால் நமக்கு மிஞ்சுவது எவ்வளவு, நஷ்டமாவது எவ்வளவு?

உதாரணமாக ஓர் அச்சகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். புதிய கணினியின் விலை இரண்டு லட்சம் ரூபாய். அது ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு குறையுமானால், மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,700 ரூபாய் மிச்சம். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் அந்தப் பணம் வங்கியில் கிடந்தால் மேலும் 2,000. ஆகப் பொறுமையின் ஊதியம் 3,700 ரூபாய். மறுபுறம், பழைய கணினி திறப்பதற்கும் சேமிப்பதற்கும் தடுமாறுவதால் நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் வீணாகிறது; மாதம் இருபத்தைந்து வேலைநாள், மணிக்கு 300 ரூபாய் கூலி என்று வைத்தால் நஷ்டம் 5,625 ரூபாய். எனவே பொறுப்பது தவறு.

ஆனால் அவசரப்பட்டுக் கடைக்குப் போவதற்குமுன் நடுவழி ஒன்று உண்டு. பழைய கணினியின் தாமதத்துக்குப் பெரும்பாலும் மூலகாரணம் சுழலும் வன்தட்டுத்தான். அதை எடுத்துவிட்டு 15,000 ரூபாயில் ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்தி, வீணாகும் நேரம் கால் மணியாகச் சுருங்குமானால், மாத நஷ்டம் 1,875 ரூபாய்க்கு இறங்குகிறது. செலவிட்ட பணம் நான்கே மாதத்தில் திரும்பிவிடுகிறது. இப்போது அதே தராசு மறுபக்கம் சாய்ந்து, பொறுப்பதே லாபம் என்கிறது.

எனினும் இந்தத் தராசு தவறும் சந்தர்ப்பங்கள் உண்டு. கணினியின் பாகங்கள் டொலரில் வாங்கப்படுபவை. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாயைத் தாண்டியபோது, ஒரு லட்சத்துக்குக் கிடைத்த 500 டொலர் கணினி ஒன்றே முக்கால் லட்சமாயிற்று. உலகச் சந்தையில் அதன் விலை பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தாலும், நம் கையில் அது 1,57,500 ரூபாய்தான். விலை இறங்கும் என்ற சித்தாந்தம் நாணயம் நிலைத்து நிற்கும் காலத்துக்கு மாத்திரமே உரியது.

பாதுகாப்பு மற்றொன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் அத்தகைய கணினியில் இணையத்துடன் தொடர்புற்றிருந்தால், எஸ்.எஸ்.டி. அந்த அபாயத்தைத் தீர்க்காது.

வன்தட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் நிரலில் `Reallocated Sectors Count` என்ற வரியின் எண் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்றும் பார்க்கவேண்டும். ஏறினால் தட்டின் ஆயுள் முடிகிறது என்று பொருள். அப்போது கணக்குப் பார்க்க அவகாசமில்லை. இன்னொன்று: பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரில் அமைத்த பழைய கோப்புகள் புதிய கணினியில் திறவாமற் போகக்கூடும். ஆகவே எப்போது வாங்கினாலும் சரி, பழைய கணினி உயிரோடிருக்கும் இந்த வாரத்திலேயே அவற்றைப் பிரதியெடுத்து, முக்கியமானவற்றை யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.