ஒரு நிமிடத்துக்குள் படைப்புழு

வேளாண் பயிற்சிக் கூட்டங்களில் திரையில் ஓடும் மக்காச்சோளப் படைப்புழு படக்காட்சியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு பழக்கமாகிவிடும். முதலில் புழுவின் அறிவியல் பெயர். அடுத்து, அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான இது 2016இல் ஆப்பிரிக்காவுக்கும், 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதிக்கும் வந்த கதை. பிறகு முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்று வட்டமாக ஒரு படம். அதன்பின் கோடை உழவு, வேப்பம் பிண்ணாக்கு, வரப்புப் பயிர், இனக்கவர்ச்சிப் பொறி. கடைசியில் ஆறேழு மருந்துகளும் அளவுகளும் கொண்ட அட்டவணை. இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் காட்டில் புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்துவிட்டு, ஐப்பசி மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பவரின் கைப்பேசிக்கு இதைக் குரலாக அனுப்ப வேண்டும் என்றால், இதில் எதைச் சொல்வது?

குரல்வழிச் செய்தி நம் ஊருக்குப் புதிதல்ல. இஃப்கோ கிசான் நிறுவனம் ஒரு நிமிட வேளாண் செய்திகளை விவசாயிகளின் கைப்பேசிக்கு அனுப்பத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒரு நிமிட அளவு இப்போதும் பொருத்தமானதுதான். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய நூறு சொற்கள் அடங்கும். படக்காட்சியின் ஒரே ஒரு பக்கத்தை அப்படியே வாசித்தாலே அது தீர்ந்துவிடும்.

அதனால் படக்காட்சியைச் சுருக்கிப் பயனில்லை. கேட்பவர் நாளைக் காலை காட்டில் இறங்கி என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அதிலிருந்து உருவி எடுக்க வேண்டும். கோடை உழவு நல்ல யோசனைதான். ஆனால் பயிர் முழங்கால் உயரம் நிற்கும்போது அதைச் சொல்லி என்ன பயன்? அதைச் சித்திரையில் தனிச் செய்தியாக அனுப்பலாம். விதை நேர்த்தியும் அப்படித்தான், விதைக்கும் வாரத்துச் செய்தி. இப்படித் தள்ளிக்கொண்டே வந்தால், விதைத்துப் பதினைந்து இருபது நாளான காட்டுக்கு மிஞ்சுவது மூன்று கேள்விகள். புழு வந்திருக்கிறதா? மருந்து அடிக்கும் அளவுக்கு வந்திருக்கிறதா? அடிப்பதானால் எதை, எவ்வளவு?

முதல் கேள்வியிலேயே படக்காட்சி நம்மை வழிதவற வைக்கும். படைப்புழுவை அடையாளம் காண அது காட்டுவது, தலையில் தலைகீழான ஒய் எழுத்து போன்ற வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. திரையில் பெரிதாக்கிக் காட்டினால் பளிச்சென்று தெரியும். குரலில் இதை விவரிப்பது கடினம் என்பது சின்னச் சிக்கல்தான். அந்த அடையாளங்கள் நன்றாக வளர்ந்த புழுவில்தான் தெளிவாகத் தெரியும் என்பது பெரிய சிக்கல். அந்தப் பருவத்தில் புழு குருத்துக்குள் ஆழமாகப் போயிருக்கும், மேலே மரத்தூள் போல எச்சம் அடைத்துக்கொண்டிருக்கும். என்ன மருந்து அடித்தாலும் உள்ளே இறங்காது. நாலு புள்ளியைத் தேடச் சொன்னால், தேடுகிறவர் புழு முற்றும்வரை காத்திருக்கிறார் என்றே பொருள்.

முட்டையிலிருந்து வெளிவந்த சின்னப் புழுவோ கண்ணுக்கு எளிதில் படாது. இலையைத் துளைக்க அதற்கு வலு இல்லை. பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும். மெல்லிய தோல் மட்டும் மிஞ்சி, இலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். மருந்துக்கு வசப்படும் பருவம் இதுதான். அதனால் செய்தியில் புழுவின் உருவத்தை விட்டுவிட்டு, இலையில் தெரியும் திட்டைச் சொல்கிறோம்.

எவ்வளவு இருந்தால் அடிப்பது என்பதற்குப் படக்காட்சியில் 'பொருளாதாரச் சேத நிலை' என்றொரு தொடரும் பக்கத்தில் ஒரு சதவீதமும் இருக்கும். இளம் பயிருக்கு அது ஐந்து சதவீதம். காட்டில் நிற்பவருக்குச் சதவீதத்தை நடையாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்கு இருபது செடி பார்த்தால் நூறு செடி ஆகிவிடும். அதில் ஐந்து செடிக்கு மேல் திட்டு இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் வேண்டாம். வரப்போரத்தில் மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது, காட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கிவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அட்டவணையில் உள்ள எல்லா மருந்தையும் சொன்னால் கேட்பவர் மனதில் ஒன்றும் நிற்காது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்துவிடுவார். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எதை? அட்டவணையில் குளோரான்ட்ரானிலிப்ரோல் இருக்கும். திரவ மருந்து, அளப்பது எளிது, வேலையும் நன்றாகச் செய்யும். என் முதல் விருப்பமும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இன்று கம்பெனி மக்காச்சோள விதைகளில் பலவும் சயான்ட்ரானிலிப்ரோல் கலந்த பூச்சுடன் வருகின்றன. இரண்டும் ஒரே வகை மருந்து, புழுவை ஒரே விதத்தில் தாக்குபவை. விதைப் பூச்சின் காவல் முடியும் நேரத்தில் மறுபடி அதே வகையை அடித்தால், அதற்குத் தாக்குப்பிடிக்கும் புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். படக்காட்சியில் விதைப் பூச்சு ஒரு பக்கத்திலும் தெளிப்பு மருந்து வேறொரு பக்கத்திலும் இருப்பதால் இந்தச் சம்பந்தம் கண்ணில் படுவதில்லை. எனவே முதல் தெளிப்புக்கு எமாமெக்டின் பென்சோயேட். வேறு வகை, வேறு வழியில் கொல்வது.

அடுத்தது அளவு. அட்டவணை சொல்வது பத்து லிட்டர் தண்ணீருக்கு நாலு கிராம். இதைக் குரலில் ஒருமுறை சொல்லி, கேட்ட பெரியவர் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், "நாலு லிட்டருக்குப் பத்து கிராமுங்களா?" என்று கேட்கக்கூடும். அவர் மேல் குற்றமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண், இரண்டு அளவை. காதில் விழும்போதே இடம் மாறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது பலர் தோளில் மாட்டுவது பதினாறு லிட்டர் பேட்டரி டேங்க். கணக்குப்படி அதற்கு 6.4 கிராம் வேண்டும். அதை எதில் நிறுப்பது? மூடியில் குத்துமதிப்பாக அள்ளிப் போடுவதுதான் நடக்கும்.

கணக்கைத் தலைகீழாகப் போட்டால் வழி பிறக்கிறது. கடையில் கிடைக்கும் 100 கிராம் பாக்கெட், பத்து லிட்டருக்கு நாலு கிராம் என்ற வீதத்தில் 250 லிட்டருக்கு வரும். பதினாறு லிட்டர் டேங்கில் பதினாறு டேங்க் அடித்தால் 256 லிட்டர். வித்தியாசம் மிகச் சிறிது. ஆக, ஒரு பாக்கெட்டுக்குப் பதினாறு லிட்டர் டேங்கில் பதினாறு டேங்க். ஒரே எண் இரண்டு முறை வருவதால் எது எதற்கு என்ற குழப்பத்துக்கு இடமே இல்லை. கலப்பதும் எளிது. ஒரு வாளியில் எட்டு லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி, பாக்கெட் முழுவதையும் அதில் கரைத்துக்கொண்டு, டேங்குக்கு அரை லிட்டர் வீதம் ஊற்றி, மீதிக்கு நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் வாளியைக் கலக்கிவிட வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் வரை, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று டேங்க் பிடிக்கும். ஒரு ஏக்கர் மட்டும் உள்ளவருக்குக் கரைசல் மிஞ்சும். அதை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. பக்கத்துக் காட்டுக்காரரோடு சேர்ந்து கரைப்பதே நல்லது.

இந்தக் கலக்கும் முறை முதல் நிமிடத்தில் அடங்காது. அதனால் வேண்டியவர் எண்ணை அமுக்கிக் கேட்கும்படி தனியாக வைக்கலாம். இனி, பதிவு செய்யும் செய்தி இப்படி வரும்:

"வணக்கம்ங்க. மக்காச்சோளம் போட்டவங்களுக்கு ஒரு சேதி. விதைச்சு பதினஞ்சு, இருபது நாளான காட்டுக்கு மட்டும். நாளைக்குக் காலையில காட்டுக்குள்ள போயி அஞ்சு இடத்துல நின்னு, இடத்துக்கு இருபது செடி பாருங்க. இலையில பச்சையைச் சுரண்டி, கண்ணாடி மாதிரி வெள்ளைத் திட்டு இருந்தா, படைப்புழு வந்திருச்சுன்னு அர்த்தம். நூறு செடியில அஞ்சு செடிக்கு மேல இருந்தா மருந்து அடிங்க. கம்மியா இருந்தா வேண்டாம், அந்தச் செடியில இருக்கிற புழுவை நசுக்கிப் போட்டாப் போதும். மருந்து பேரு எமாமெக்டின் பென்சோயேட், அஞ்சு சதவீதம். நூறு கிராம் பாக்கெட்டு. பதினாறு லிட்டர் டேங்க்ல பதினாறு டேங்குக்கு ஒரு பாக்கெட்டு. திரும்பச் சொல்றேன். பதினாறு லிட்டர் டேங்க், பதினாறு டேங்க், ஒரு பாக்கெட்டு. சாயங்காலம் வெயில் தாழ அடிங்க. மருந்து குருத்துக்குள்ள விழணும். மூக்கு வாயை மூடிக்குங்க, கையில உறை போட்டுக்குங்க. எப்படிக் கரைக்கிறதுன்னு கேக்க, ஒண்ணை அமுக்குங்க."

இதில் சில சொற்கள் வேண்டுமென்றே அந்தந்த இடத்தில் இருக்கின்றன. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதல் சில நொடியிலேயே வைத்துவிடுவார்கள். அதனால் எந்தப் பயிர், எத்தனை நாள் என்பது தொடக்கத்திலேயே வருகிறது. நாற்பது நாள் பயிர் வைத்திருப்பவர் இது தனக்கில்லை என்று உடனே புரிந்துகொண்டு வைத்துவிடலாம். மருந்து மாலையில்தான் என்று சொல்வதற்குக் காரணம், பகல் வெயிலில் குருத்துக்குள் பதுங்கும் புழு அந்தி சாயத்தான் வெளியே வந்து தின்னும். "விவசாயி அண்ணன்களே" என்று தொடங்கும் பதிவுகளை நிறையக் கேட்டிருக்கிறேன். களையெடுக்கக் காட்டில் இறங்கி, திட்டு விழுந்த இலையை முதலில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பொதுவாக 'போட்டவங்க' என்று சொல்லிவிடுவதே சரி.

குரல் யாருடையது என்பதிலும் கவனம் வேண்டும். வானொலிச் செய்தி வாசிப்பது போல் வாசித்தால் ஆள் கேட்கமாட்டார். ஊர்ப் பேச்சு வேண்டும் என்பதற்காக அளவுக்கு மீறி வட்டார வழக்கை இழுத்தால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும். அந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் வேளாண் உதவி அலுவலர் யாராவது, தாளைப் பார்க்காமல் இரண்டு மூன்று முறை பேசிப் பழகிவிட்டுப் பதிவு செய்தால் இயல்பாக வரும். அனுப்புவதற்கு முன், மக்காச்சோளம் போட்ட நாலைந்து பேருக்கு ஒரே ஒரு முறை போட்டுக் காட்டி, "நாளைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

மருந்து அடித்த மறுநாள் இன்னொரு செய்தி போக வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். எமாமெக்டின் தின்ற புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும், ஆனால் சாக இரண்டு முதல் நாலு நாள் ஆகும். மறுநாள் குருத்தைப் பிரித்துப் பார்க்கிறவர் உயிரோடு நெளியும் புழுவைக் கண்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்கு ஓடி, வேறொன்றை வாங்கிக் கலந்து அடிப்பார். அந்த இரண்டாவது செய்தி சின்னதாக இருந்தால் போதும்: "நேத்து மருந்து அடிச்சவங்களுக்கு. புழு உயிரோட இருந்தாலும் பயப்படாதீங்க, அது இனி தின்னாது. நாலாம் நாள் காலையில குருத்தைப் பாருங்க. ஈரமா, புதுசா எச்சம் இருந்தா மட்டும் 1800 180 1551க்குப் போன் பண்ணிக் கேளுங்க, காசு கிடையாது. அதுவரைக்கும் வேற மருந்து அடிக்காதீங்க."