ஒழுகும் பூவாளிக்குப் பற்றாசு பிடித்தல்

நாற்றுமேடைக்கு நீர் தெளிக்கும் தகரப் பூவாளி பெரும்பாலும் அடித்தட்டு மூட்டிலேயே ஒழுகத் தொடங்கும். பற்றாசை மேலே அப்புவதால் ஒழுக்கு நில்லாது. உருகிய பற்றாசு இரு தகடுகளுக்கும் இடையே ஊறிச் செல்லுதல் வேண்டும்.

முதலிற் பூவாளியை நன்கு உலர்த்துக. மூட்டினுள் ஈரம் இருப்பின் அது ஆவியாகிப் பற்றாசில் துளைகளை உண்டாக்கும். துருவை அரத்தாளால் நீக்கி, நாகக் குளோரைட்டுக் கரைசலைத் தூரிகையாற் பூசுக. வெள்ளீயப் பூச்சுக் கெடாத இடத்தைத் துடைத்தாற் போதும்.

பற்றாசுக் கோலின் செப்பு முனையை நெருப்பிலே வைத்து, சுவாலை பச்சை நிறங்கொண்டதும் எடுக்க. செந்நிறமாகக் காய்ந்தால் முனையிலுள்ள ஈயப்பூச்சு எரிந்துவிடும். முனையின் தட்டையான பக்கத்தை மூட்டின்மேற் படியவைத்து, பற்றாசு தானே தகடுகளுக்கிடையே பாயும் வேகத்தில் மெதுவாக நகர்த்துக. அது உறையும்வரை பாத்திரத்தை அசைத்தலாகாது.

ஒட்டு பளபளப்பாய், ஓரம் மெலிந்து படிந்திருப்பின் நன்று. உருண்டு திரண்டு நின்றால் தகடு சூடேறவில்லை என்பதே பொருள். மீண்டும் கரைசல் பூசிச் சூடாக்குக.

எஞ்சிய கரைசல் தகட்டை அரிக்குமாதலால் சலவைச் சோடா கலந்த வெந்நீராற் கழுவுக. பின்னர் நீர் நிரப்பி, வெளிப்புறத்தைத் துடைத்து, ஒரு மணி நேரத்தின் பின் கசிவைப் பார்க்க.

காரீயங் கலந்த பற்றாசைக் குடிநீர், பால் ஆகியவற்றிற்கான பாத்திரங்களுக்கோ கோழிகளின் நீர்த்தட்டுக்கோ பயன்படுத்தலாகாது. அவற்றிற்குக் காரீயமற்ற பற்றாசே ஏற்றது.