டாலர் ரூபாயாகும்போது முளைக்கும் 53 லட்சம்

கோவையில் பம்பு செய்யும் நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் துணை நிறுவனம் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். அங்கே வரவு செலவெல்லாம் டாலரில். ஆண்டு முடிவில் இரண்டு கணக்கையும் சேர்த்து, ஒரே நிறுவனம்போல ரூபாயில் காட்ட வேண்டும். டாலருக்கு எந்த விலை போடுவது?

ஒரே விலை போட முடியாது. இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் 'இண்ட் ஏஎஸ் 21' என்ற கணக்கியல் விதிப்படி, சொத்துக்கும் கடனுக்கும் ஆண்டின் கடைசி நாள் விலை. வருமானத்துக்கும் செலவுக்கும் அவை நடந்த நாளின் விலை. விலை ரொம்ப ஆடாத ஆண்டென்றால் சராசரியே போதும். முதலாகப் போட்ட பணத்தைப் போட்ட நாள் விலையிலேயே விட்டுவிடுவது வழக்கம்.

ஏப்ரல் 1 அன்று டாலர் 80 ரூபாயாக இருக்கையில் 10 லட்சம் டாலர் முதல் போட்டார்கள்: 8 கோடி ரூபாய். ஆண்டு லாபம் 1 லட்சம் டாலர், சராசரி விலை 82: 82 லட்சம். ஆக 8.82 கோடி இருக்க வேண்டும். ஆனால் மார்ச் 31 அன்று டாலர் 85. கையிலுள்ள 11 லட்சம் டாலர் மதிப்புள்ள நிகரச் சொத்து 9.35 கோடியாகிறது. 53 லட்சம் கூடுதல்!

இது லாபமா? யாரும் எதையும் விற்கவில்லை, ஒரு டாலரும் ஊர் வந்து சேரவில்லை. அதனால் இதை லாப நட்டக் கணக்கின் லாபத்தில் சேர்க்காமல், அதற்குக் கீழே 'பிற விரிவான வருமானம்' என்ற தலைப்பில் காட்டி, பங்குதாரர் நிதியில் தனி இருப்பாக ஒதுக்கிவைக்கிறார்கள். அமெரிக்காவில் 1975இல் வந்த ஒரு விதி இத்தகைய வித்தியாசங்களை நேராக லாபத்திலேயே சேர்க்கச் சொன்னது. வியாபாரம் சீராக நடந்தாலும், நாணய விலை ஆடியபடி லாபமும் ஆடியது. நிறுவனங்கள் கொதித்தன, 1981இல் விதியை மாற்றினார்கள்.

அந்த 53 லட்சம் சரிதானா என்று இன்னொரு வழியிலும் பார்க்கலாம். 10 லட்சம் டாலருக்கு ஐந்தைந்து ரூபாய் ஏற்றம்: 50 லட்சம். லாபமான 1 லட்சம் டாலருக்கு மும்மூன்று: 3 லட்சம். வெறும் 3 லட்சம்தான் வருகிறதென்றால், யாரோ முதலையும் 85இல் மாற்றிவிட்டார்கள். அப்போது தாய் நிறுவனப் புத்தகத்தில் முதலீடு 8 கோடி, துணை நிறுவனத்தின் முதல் எட்டரைக் கோடி என நிற்கும். ஒன்றையொன்று கழித்தால் 50 லட்சம் இடிக்கும். தணிக்கையாளர் முதலில் கை வைக்கும் இடம் அது.

தாய் நிறுவனமே டாலரில் பம்பு விற்று, பணம் வராமல் பாக்கி நின்றால் கதை வேறு. அந்த வித்தியாசம் நேராக லாப நட்டத்துக்கே போகும்.

ஒதுக்கிவைத்த 53 லட்சம் அங்கேயே உறங்கிவிடுவதில்லை. அடுத்த நாளே துணை நிறுவனத்தை அதே 9.35 கோடிக்கு விற்றால் விற்பனையில் லாபமே இல்லை. ஆனாலும் அந்த இருப்பு அன்று லாப நட்டக் கணக்குக்குள் வந்து, குழுமத்துக்கு 53 லட்சம் லாபமாகத் தெரியும். ஆண்டறிக்கையில் வெளிநாட்டுக் கிளையை மூடிய வருடம் லாபம் திடீரென்று துள்ளினால், இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.