நாலாவது அடியில் இருக்கிறது சூட்சுமம்

ஜாஸ் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கும்போது காது முதலில் சாக்ஸபோனுக்குப் போகும், பிறகு பியானோவுக்கு. அதற்கெல்லாம் அடியில் 'தும் தும் தும் தும்' என்று சீராக ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அதுதான் வாக்கிங் பேஸ். பெரும்பாலும் அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பேஸ் வாசிப்பவர் முன்னால் இருப்பவை கார்டுகளின் பெயர்கள் மட்டுமே. சுரங்களை அவர் அந்தந்தக் கணத்தில் தேர்ந்தெடுக்கிறார்.

ஆரம்பகால ஜாஸ் குழுக்களில் பேஸ் பகுதியைப் பல நேரம் டியூபா ஊதியது. ஒவ்வொரு பாரிலும், அதாவது நான்கு அடிகள் கொண்ட தாளத் துண்டிலும், முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் ஒவ்வொரு சுரம். ஊதுபவர் மூச்சு வாங்க வேண்டுமே! விரலால் கம்பியை மீட்டும் டபுள் பேஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1930களில் கான்சாஸ் சிட்டியின் கவுண்ட் பேஸி குழுவில் வால்டர் பேஜ் நான்கு அடிகளையும் ஒரே சீராக நிரப்பி வாசித்தார். ஜாஸின் வழக்கமான ஓட்டமாக அது நிலைபெற்றதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

அந்த நான்கு சுரங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கார்டு வரிசையை எடுத்துக்கொள்வோம்: ஒரு பார் டி மைனர் செவன், அடுத்த பார் ஜி செவன், பிறகு சி மேஜர். சி-யை ஷட்ஜமாக வைத்தால் சங்கராபரணத்தின் சுரங்களே இங்கே போதும். முதல் கார்டின் வேர் ரி, இரண்டாவதற்கு ப, மூன்றாவதற்கு ச.

முதல் பாரின் முதல் அடியில் ரி. கார்டு இன்னதென்று அது அறிவித்துவிடுகிறது. நான்காவது அடியைத் தீர்மானிப்பது இந்தக் கார்டு அல்ல, வரப்போகும் கார்டு. அடுத்த பாரில் ப-வில் போய் இறங்க வேண்டும் என்பதால், அதற்கு அரை சுரம் கீழே உள்ள பிரதி மத்திமத்தை நான்காவது அடியில் வைக்கலாம். இடையில் இருக்கும் இரண்டு அடிகளையும் அளவுகோலின் சுரங்களான க, ம நிரப்பும். ஆக ரி, க, ம, பிரதி மத்திமம், அடுத்து ப.

இரண்டாவது பாரில் கார்டின் சுரங்களிலேயே ஏறுவோம்: ப, நி, மேல் ரி. இப்போது இறங்க வேண்டிய இடம் மேல் ச. நான்காவது அடியில் சுத்த ரிஷபத்தைத் தொட்டால் அரை சுரம் மேலிருந்து ச-வில் இறங்கலாம். முதல் முறை கீழிருந்து அணுகினோம், இந்த முறை மேலிருந்து.

பிரதி மத்திமமும் சுத்த ரிஷபமும் இந்த அளவுகோலில் இல்லாதவை. இருந்தும் அபசுரமாக ஒலிப்பதில்லை. வலுவில்லாத அடியில் வந்து, அடுத்த நொடியே பக்கத்துச் சுரத்தில் கரைந்துவிடுகின்றன. அதே பிரதி மத்திமத்தை ஜி செவனின் முதல் அடியில் வைத்தால் கதை வேறு. காது அதையே கார்டின் வேராக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். பியானோவும் பேஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதுபோல் தோன்றும்.

கற்றுக்கொள்பவர்கள் அதிகம் சறுக்குவது வேறிடத்தில். ஒவ்வொரு பாரிலும் கார்டின் நான்கு சுரங்களையும் கீழிருந்து மேலாக ஏறிவிட்டு, அடுத்த வேருக்குத் தடாலென்று குதிப்பார்கள். ஒரு சுரமும் தப்பாக இருக்காது; ஆனால் ஒவ்வொரு பாரும் தனித்தனியாக நிற்கும். பாரின் கடைசிச் சுரத்துக்கும் அடுத்த பாரின் முதல் சுரத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

கார்டு மாறாமலே நின்றால்? 1959-இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டில் 'சோ வாட்' அப்படிப்பட்டது. 32 பார் கொண்ட சுற்றில் முதல் 16 பாரும் டி மைனர். அடுத்த எட்டு பார் அரை சுரம் மேலே போய், கடைசி எட்டில் மீண்டும் டி மைனருக்கே திரும்புகிறது. அந்த எட்டும் அடுத்த சுற்றின் பதினாறும் சேர்ந்து தொடர்ந்து 24 பார் ஒரே கார்டு. சேருமிடம் மாறாதபோது, மேலே ஏறி நிதானமாக இறங்கும் வளைவுகளால்தான் ஓட்டத்தை உண்டாக்க வேண்டும். தனி வாசிப்புகளுக்குப் பின்னால் பால் சேம்பர்ஸ் அதைச் செய்வதைக் கேட்கலாம்.

சுரத் தேர்வு டபுள் பேஸுக்கும் எலக்ட்ரிக் பேஸுக்கும் ஒன்றுதான், நீளம்தான் வேறு. டபுள் பேஸில் மீட்டிய ஒலி தானாகவே சீக்கிரம் தேயும். எலக்ட்ரிக்கில் அது நீண்டு நின்று அடுத்த சுரத்தோடு கலந்து குழம்பும். அதனால் சிலர் பிரிட்ஜ் அருகே கம்பிகளுக்கு அடியில் சிறு ஸ்பாஞ்சைச் செருகுவார்கள். சிலர் உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் லேசாக வைத்துக் கட்டைவிரலால் மீட்டுவார்கள்.

ஒரு வரி நன்றாக அமைந்ததா என்று பார்க்க, பியானோவும் டிரம்மும் இல்லாமல் அதை மட்டும் பதிவு செய்து கேட்க வேண்டும். கார்டு எங்கே மாறுகிறது என்று பாட்டைத் தெரிந்த ஒருவரால் சொல்ல முடிந்தால் வரி சரி. முடியாவிட்டால் முதலில் நான்காவது அடிகளைத் திருத்த வேண்டும்.